பில் புக் அடிக்கவா, வேண்டாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நான்கு பேர், இறுதியாண்டு கணினி அறிவியல், திருநெல்வேலி. புராஜெக்டுக்காக ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில், ஸ்டாக் மென்பொருள் செய்கிறோம். கடையின் பழைய எக்செல்லில் இருக்கும் 1,840 சரக்குகளையும் ஏற்றி, கல்லாவில் பில் அடித்துக் காட்ட பிப்ரவரி 14 என்று தேதி கொடுத்திருந்தோம். முடியவில்லை. எக்செல் முழுக்க பாமினி எழுத்துரு. மாற்றினால் பாதி குப்பையாக வருகிறது, சில சரக்குக்கு விலை 0 என்று ஏறிவிட்டது. அன்று அண்ணாச்சி போன் செய்தபோது எடுக்கப் பயமாக இருந்தது, மறுநாள்தான் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி, ஏப்ரலுக்கு பில் புக் அடிக்கச் சொல்லவா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். "ஒரு வாரத்துல முடிச்சிருவோம் அண்ணாச்சி" என்றேன். மன்னிப்பும் புதிய பிளானும் எழுதி மெயில் அனுப்பச் சொல்கிறார் கைடு சார். "சில தொழில்நுட்பச் சிக்கல்கள் காரணமாக" என்று ஆரம்பித்திருக்கிறோம். கோப்பில்தான் பிரச்சினை என்று சொல்லலாமா? 24 முதல் 27 வரை இன்டர்னல் தேர்வு வேறு. எப்படி எழுதுவது?

பதில்: தம்பி, அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் மென்பொருளைப் பற்றிக் கேட்கவில்லை, பில் புக்கைப் பற்றிக் கேட்டார். ஏப்ரல் 1 புதிய கணக்கு ஆண்டு. ஜிஎஸ்டி பில்லின் வரிசை எண் ஒரு நிதியாண்டுக்குள் இரண்டு முறை வரக்கூடாது என்பதால், பெரும்பாலான கடைகள் அன்றைக்குப் புது வரிசையில் பில் போடத் தொடங்கும். உங்கள் மென்பொருள் வந்துவிடும் என்றால் அச்சகத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம். வராது என்றால் மார்ச் நடுவிலேயே கொடுத்தாக வேண்டும். மார்ச் கடைசியில் அச்சகங்களில் வேலை குவிந்து கிடக்கும். "ஒரு வாரத்துல முடிச்சிருவோம்" என்ற உங்கள் பதிலை வைத்துக்கொண்டு அவரால் எந்தப் பக்கமும் போக முடியாது.

ஆகவே இந்த மெயிலுக்கு ஒரே வேலைதான். அதைப் படித்து முடித்ததும் அண்ணாச்சிக்கு அச்சகத்துக்கு என்ன சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். மன்னிப்பும் காரணமும் பிளானும் அதற்குத் தேவைப்படும் அளவுக்கு வந்தால் போதும்.

முதலில் அந்த "தொழில்நுட்பச் சிக்கல்" வரியை எடுத்துவிடுங்கள். அதைப் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியவராது. சிக்கல் தீர்ந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா, திரும்ப வருமா என்று அவரால் கேட்கக்கூட முடியாது. நடந்ததை மளிகைக் கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி நான்கு வரியில் சொல்லலாம். அதற்கு உங்களுக்கே அது தெளிவாக இருக்க வேண்டும் என்பதால்தான் நேற்று உங்கள் கோப்பிலிருந்து ஒரு வரியை அனுப்பச் சொன்னேன். நீங்கள் அனுப்பியது இது:

```
317,",Q;rp",fpNyh,140
```

பாமினியில் எழுத்துகள் ஆங்கில விசைகளாகத்தான் சேமிக்கப்படும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் திரையில் தமிழாகத் தெரியும். அதில் "இ" என்ற எழுத்தின் இடத்தில் இருப்பது காற்புள்ளி. ஆகவே இஞ்சி என்பது `,Q;rp` என்று இருக்கிறது. கோப்பை, காற்புள்ளியால் கட்டங்களைப் பிரிக்கும் சிஎஸ்வியாக மாற்றியபோது எக்செல் அதைச் சரியாக மேற்கோள் குறிக்குள் வைத்துத்தான் கொடுத்திருக்கிறது. உங்கள் நிரல் காற்புள்ளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டிவிட்டது. நான்கு கட்டம் ஐந்தாகி, விலை இருக்க வேண்டிய இடத்துக்கு `fpNyh`, அதாவது "கிலோ", வந்து உட்கார்ந்துவிட்டது. எண்ணாக இல்லாததை உங்கள் நிரல் 0 என்று ஏற்றியது. இஞ்சி, இலவங்கம், இட்லி அரிசி என்று "இ"யில் தொடங்கும் சரக்குகளுக்கு மட்டும் விலை போனதற்குக் காரணம் இதுதான். மேற்கோள் குறியை மதிக்கிற சிஎஸ்வி படிப்பானைப் பயன்படுத்தினால் இது ஒரு மணி நேரத்தில் தீரும். விலை எண்ணாக இல்லாவிட்டால் 0 போடாமல் அந்த வரியை ஏற்ற மறுக்கும்படியும் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் அவ்வளவு சுலபமில்லை. சரக்குப் பெயர் நெடுவரிசையில் சில சரக்குகள் ஆங்கிலத்திலும் அடிக்கப்பட்டிருக்கின்றன. எக்செல்லில் இருந்தவரை எது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற விவரம் இருந்தது. சிஎஸ்வியாக மாற்றியதும் அது போய்விட்டது. `Oil` என்பதையும் எழுத்துரு மாற்றும் நிரல் தமிழாகவே எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு எழுத்துக்கூட்டத்தைத் தருகிறது. எழுத்துருப் பெயரை எக்செல் கோப்பிலிருந்தே நிரலால் படித்துப் பிரித்தால் பெரும்பகுதி சரியாகும். ஆனால் ஒரே கட்டத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் இருப்பவை மிஞ்சும். ஒரே சரக்கு மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதும் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு வரியையும் ஒருவர் படிக்க, இன்னொருவர் பார்த்துத் திருத்தியே ஆகவேண்டும். உங்கள் புதிய தேதியை முடிவு செய்யப்போவது இந்த வேலைதான்.

கோப்பில்தான் பிரச்சினை என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துரு பாமினி என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு உண்மையும் இருக்கிறது. அந்தக் கோப்பு டிசம்பர் இரண்டாம் வாரமே உங்கள் கைக்கு வந்துவிட்டது. நீங்கள் அதை முதன்முதலாகத் திறந்தது பிப்ரவரி 8. அதுவரை நீங்களே அடித்த இருபது மாதிரிச் சரக்குகளை வைத்து வேலை செய்திருக்கிறீர்கள். டிசம்பரில் திறந்திருந்தால் இதெல்லாம் அப்போதே தெரிந்திருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அது விளக்கம். முதலாவதை மட்டும் எழுதினால் அண்ணாச்சியின் கணக்குப்பிள்ளை மேல் பழி போட்டதாகிவிடும். இனி நீங்கள் தினமும் உதவி கேட்கப்போவது அந்தக் கணக்குப்பிள்ளையிடம்தான்.

இனி தேதி. இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் இரண்டாம் முறை விழுகின்றன. வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் நானும் விழுந்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு "அடுத்த வெள்ளி" என்று மூன்று வாரம் தொடர்ந்து எழுதினேன். ஒவ்வொரு முறையும் மனதார நம்பித்தான் எழுதினேன். மூன்றாவது வெள்ளிக்குப் பிறகு அவர் என் மெயில்களுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டு என் மேலாளருக்கு மட்டும் எழுத ஆரம்பித்தார். முதல் தேதி தவறியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த தேதிகளை நான் எதை வைத்துச் சொன்னேன் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதனால்தான் உங்களில் இருவரை உட்காரவைத்து 50 சரக்கைச் சரிபார்த்து நேரம் பார்க்கச் சொன்னேன். 75 நிமிடம் ஆனது என்றீர்கள். அப்படியானால் ஒரு ஜோடி மணிக்கு 40 சரக்கு. நான்கு பேர் இரண்டு ஜோடி, மணிக்கு 80. மாலையில் உங்களால் ஒழுங்காகக் கொடுக்க முடிவது இரண்டு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 160. மொத்தம் 1,840-க்குப் பன்னிரண்டு மாலைகள். அதில் தேர்வும், பில் அச்சுச் சோதனையும் இல்லை. "ஒரு வாரம்" என்று நீங்கள் போனில் சொன்னது எவ்வளவு தள்ளி நிற்கிறது பாருங்கள்.

ஆனால் ஏப்ரல் 1 அன்று கல்லாவில் 1,840 சரக்கும் தேவையா? கணக்குப்பிள்ளையிடம் கேட்டுச் சொன்னீர்கள், "ஓடுற சரக்கு ஒரு அறுநூறு இருக்கும்" என்று. அந்த 600-ஐ முதலில் முடித்தால் அன்றாட பில் போடலாம். அதற்கு நான்கு மாலைகள் போதும். தேர்வுக்கு முன்னால் 21-ஆம் தேதி ஒரு மாலை, தேர்வு முடிந்ததும் 28, மார்ச் 1, 2. அதன் பிறகு பில் அச்சடித்துப் பார்க்க இரண்டு நாள், தவறு திருத்த இரண்டு நாள். ஆக மார்ச் 7, வெள்ளி. கடைசி இரண்டு நாளை "தேவைப்படாது" என்று வெட்டிவிடாதீர்கள். நிச்சயம் தேவைப்படும்.

மீதி 1,240 சரக்கை ஒரு ஜோடி மட்டும் பார்க்கட்டும். 31 மணி நேர வேலை, பதினாறு மாலைகள். ஞாயிறு விட்டு எண்ணினால் மார்ச் 10-இல் தொடங்கி 27-இல் முடியும். 29 என்று சொல்லுங்கள். இன்னொரு ஜோடி அதே நேரத்தில் ஸ்டாக் பதிவேட்டைச் செய்யும். அது முதலில் மார்ச் 14 என்று இருந்தது, இனி மார்ச் 22. மாத அறிக்கையை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். புது மென்பொருளில் முதல் மாதம் ஏப்ரல், அதன் அறிக்கை ஏப்ரல் முடியும்போதுதான் யாருக்கும் வேண்டும். இப்படி ஒன்றைத் தள்ளிவைக்கும்போது, அதனால் அவருக்கு என்ன இழப்பு அல்லது ஏன் இழப்பில்லை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தள்ளினால் ஒருநாள் அவரே கண்டுபிடிப்பார்.

"முடிந்தது" என்றால் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். "80 சதவீதம் முடிந்தது" என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கடைக்காரரால் சரிபார்க்க முடியாது. கணக்குப்பிள்ளை கடந்த வாரக் கைப்பில் இருபதை எடுத்து மென்பொருளில் போட்டுப் பார்க்கட்டும். இருபதிலும் மொத்தத் தொகை ரூபாய் பைசா மாறாமல் வந்தால் முடிந்தது. கடந்த வார பில்தான் வேண்டும். பழைய பில்லை எடுத்தால் விலை மாறியிருக்கும், தப்பு உங்களுடையதா விலையுடையதா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

மெயில் அனுப்பும் முன் அண்ணாச்சிக்குப் போன் செய்யுங்கள். மத்தியானம் கல்லாவில் கூட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள். அவர் மெயில் பார்க்கிறவர் அல்ல, அவருடைய மகனோ கணக்குப்பிள்ளையோதான் படித்துச் சொல்வார் என்று நினைக்கிறேன். தவறிய செய்தியை அவர் இன்னொருவர் வாயிலாகக் கேட்கக்கூடாது. போனில் சொன்னதையே அன்று மாலைக்குள் மெயிலாக அனுப்புங்கள், கைடு சாருக்கும் நகல் போடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: பில் மென்பொருள் – பிப். 14 தவறியது, புதிய தேதி மார்ச் 7 – பில் புக் பற்றி உங்கள் முடிவு
>
> மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,
>
> வணக்கம். இன்று போனில் பேசியதை எழுத்தில் தருகிறோம்.
>
> பிப்ரவரி 14 அன்று சரக்குப் பட்டியலை ஏற்றி பில் அடித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தோம். செய்யவில்லை. முடியாது என்பது எங்களுக்கு 11-ஆம் தேதியே தெரியும். அன்றே உங்களிடம் சொல்லாததற்கும், 14-ஆம் தேதி உங்கள் போனை எடுக்காததற்கும் மன்னிப்புக் கேட்கிறோம்.
>
> பில் புக் பற்றிக் கேட்டீர்கள். மார்ச் 7 வெள்ளிக்கிழமை கல்லாவில் பில் அடித்துக் காட்டுகிறோம். அதைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நன்றாக ஓடினாலும், ஏப்ரல் மாதத்துக்கு மட்டும் போதுமான சில பில் புக்குகளை அடித்து வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் எண்ணம். கரண்ட் போனாலோ கணினி பழுதானாலோ கை கொடுக்கும். கைப்பில்லுக்கும் கணினி பில்லுக்கும் வரிசை எண் தனித்தனியாக இருக்க வேண்டும். அதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுச் சொன்னால் அதன்படி அமைத்துவிடுகிறோம்.
>
> தாமதத்துக்குக் காரணம்: சரக்குப் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது சில பெயர்கள் சிதைந்தன, "இ"யில் தொடங்கும் சரக்குகளுக்கு விலை 0 என்று ஏறியது. விலைத் தவறு எங்கள் நிரலில் இருந்தது, திருத்திவிட்டோம். பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே சரிசெய்ய வேண்டும். பட்டியலை நீங்கள் டிசம்பரிலேயே கொடுத்துவிட்டீர்கள். அப்போதே திறந்து பார்க்காதது எங்கள் தவறு.
>
> இருவர் சேர்ந்து மணிக்கு 40 சரக்கைச் சரிபார்க்க முடிகிறது. எங்களுக்கு பிப். 24 முதல் 27 வரை தேர்வு. இவற்றைக் கணக்கிட்டுத் தேதிகளை வைத்திருக்கிறோம்.
>
> மார்ச் 7: அதிகம் ஓடும் 600 சரக்குகளுடன் கல்லாவில் பில். கணக்குப்பிள்ளை கடந்த வார பில் இருபதைப் போட்டுப் பார்த்து, தொகை சரியாக வந்தால்தான் முடிந்ததாகக் கொள்வோம்.
> மார்ச் 22: ஸ்டாக் பதிவேடு (முன்பு சொன்னது மார்ச் 14).
> மார்ச் 29: மீதி 1,240 சரக்குகள். அதற்குள் அவற்றில் ஏதாவது விற்றால் கல்லாவிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.
> ஏப்ரல் 26: மாத அறிக்கை (முன்பு சொன்னது மார்ச் 14). முதல் அறிக்கை ஏப்ரல் முடிவில்தான் தேவைப்படும் என்பதால் தள்ளியிருக்கிறோம். உங்களுக்கு முன்னதாகவே வேண்டுமென்றால் சொல்லுங்கள், வேறு எதைத் தள்ளலாம் என்று பேசுவோம்.
>
> உங்களிடம் வேண்டுவது ஒன்று: பட்டியலில் அதிகம் ஓடும் 600 சரக்குகளைக் கணக்குப்பிள்ளை பிப். 20 வியாழன் மாலைக்குள் குறித்துத் தர வேண்டும். அச்சடித்த பட்டியலை நாளை காலை நாங்களே கடைக்குக் கொண்டுவருகிறோம், பேனாவால் டிக் செய்தால் போதும். அது ஒருநாள் தள்ளினால் மார்ச் 7-உம் ஒருநாள் தள்ளும்.
>
> மார்ச் 2 ஞாயிறு இரவு எத்தனை சரக்கு முடிந்தது என்று உங்களுக்குப் போன் செய்கிறோம். 500-க்குக் குறைவாக இருந்தால் மார்ச் 7 முடியாது என்று அன்றே சொல்லிவிடுவோம். அப்போதும் அச்சகத்துக்கு ஆர்டர் கொடுக்க உங்களுக்கு நேரம் இருக்கும்.
>
> இப்படிக்கு,
> (நால்வரின் பெயர், தொடர்புக்கு ஒருவர் போன் எண்)

மன்னிப்பு ஒரே இடத்தில், எதற்கு என்று பெயர் சொல்லி வந்திருப்பதைப் பாருங்கள். பத்திக்குப் பத்தி "மிகவும் வருந்துகிறோம்" என்று எழுதினால் படிப்பவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். தேதி தவறியதைவிட, தெரிந்தும் மூன்று நாள் சொல்லாமல் இருந்தது பெரிய விஷயம். அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். 11-ஆம் தேதி என்று நான் போட்டது உங்கள் குழு வாட்ஸ்அப்பில் "14 கஷ்டம்தான்" என்று முதலில் எழுதப்பட்ட நாள். அதை எழுதக் கூச்சமாக இருக்கும், எழுதுங்கள். மார்ச் 2 அன்று போன் செய்வோம் என்று நீங்கள் சொல்வதை அவர் நம்புவதற்கு வேறு ஆதாரம் இல்லை.

அந்த மார்ச் 2 போன்தான் இந்த மெயிலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. மார்ச் 7 தவறினால் தெரிய வேண்டிய நாள் மார்ச் 7 அல்ல. 500 என்ற எண்ணை ஏன் வைத்தேன் என்றால், 100 சரக்கு மிஞ்சியிருந்தால் ஒரு மாலையில் முடியும், திருத்த வைத்திருக்கும் நாட்களுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் மிஞ்சினால் அடங்காது. முதல் மாலையிலேயே, அதாவது 21-ஆம் தேதி இரவே, உங்களுக்கு இது தெரிந்துவிடும். அன்று 160-க்குப் பதில் 110 முடிந்திருந்தால், "முதல் நாள்தானே, நாளைக்கு வேகம் வந்துவிடும்" என்று நினைக்காதீர்கள். மணிக்கு 55 என்று கணக்கைத் திருத்திப் போட்டு, மறுநாளே அண்ணாச்சிக்குச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளையின் உதவியைக் கேட்கும் பத்தியையும் கொஞ்சம் கவனியுங்கள். தவறு செய்தது நீங்கள், அதனால் அவர்களிடம் எதையும் கேட்கக் கூச்சப்படுவீர்கள். கேட்காமல் நீங்களாகவே 600-ஐத் தேர்ந்தெடுத்தால், கடலை மிட்டாய் இருக்கும், பச்சரிசி இருக்காது. கேட்பதைச் சிறியதாக்கி, நாள் குறித்து, தள்ளினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிக் கேட்டால் அதில் தவறில்லை. அச்சடித்துக் கொண்டுபோவதற்கும் காரணம் உண்டு. எக்செல்லைத் திறந்து குறிக்கச் சொன்னால் அது மாதக் கடைசி வரை கிடக்கும். 1,840 வரி, பக்கத்துக்கு 60 என்றால் 31 பக்கம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் டிக் செய்துவிடுவார். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியிலிருந்தே அச்சடியுங்கள், இல்லாவிட்டால் அவர் கையில் `muprp` என்றுதான் போய்ச் சேரும்.

அண்ணாச்சி மெயிலைப் படித்துவிட்டு, "அப்ப நான் முழுசா பில் புக்கே அடிச்சிக்கிறேன் தம்பி, நீங்க மெதுவா முடிங்க" என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் மறுத்து வாதாடாதீர்கள். கடை அவருடையது, சரியான நேரத்தில் சரியான தகவலை வைத்து அவர் எடுத்த முடிவு அது. மார்ச் 7 தேதி அப்போதும் உங்களுக்கு மாறாது. அன்று இருபது பில்லும் சரியாக வந்தால், ஏப்ரலில் கைப்பில்லோடு கூடவே கணினி பில்லையும் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

நாளை காலை கடைக்குப் போகும்போது நான்கு பேரும் போக வேண்டாம். போனை எடுக்கப் பயந்தது நீங்கள் என்றால், நீங்களே பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள்.